இன்டெக்ஸ் ஃபண்டில் முப்பது ஆண்டுகள்: செலவு விகிதமும் டிராக்கிங் வேறுபாடும் எடுத்துக்கொள்ளும் பங்கை நீங்களே கணக்கிடும் முறை

நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் இன்டெக்ஸ் ஃபண்டுகள் எல்லாம் ஒரே ஐம்பது பங்குகளை, ஒரே விகிதத்தில், ஒரே நாட்களில் வாங்கி வைத்திருக்கின்றன. ஆகவே எந்த நிறுவனத்தின் ஃபண்டை எடுத்தாலும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். பங்குகள் ஒன்றாக இருப்பதால்தான், முப்பது ஆண்டு முடிவில் இருவர் கையில் இருக்கும் தொகை வேறுபடுமானால், அந்த வேறுபாடு முழுவதும் நிர்வாகச் செலவாலும் நிர்வாகத் திறனாலும் வந்ததாகவே இருக்க முடியும். அதை அளப்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்குப் போதும். எங்கே பார்க்க வேண்டும், எந்த எண்ணை எதனோடு ஒப்பிட வேண்டும், எந்த எண் நம்மை ஏமாற்றும் என்பவற்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: செலவு எந்த வழியாக வெளியேறுகிறது என்று பாருங்கள்

ஃபண்டை நடத்துவதற்காக ஆண்டுதோறும் அதன் சொத்திலிருந்து எடுக்கப்படும் சதவீதமே செலவு விகிதம். அதற்கென்று உங்களுக்கு ரசீது எதுவும் வராது. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தும் எதுவும் பிடிக்கப்படாது. உங்களிடம் இருக்கும் யூனிட்டுகளின் எண்ணிக்கையும் குறையாது. ஃபண்டின் மொத்தச் சொத்து மதிப்பில், ஆண்டுச் செலவு விகிதத்தின் 365இல் ஒரு பங்கு ஒவ்வொரு நாளும் கழிக்கப்படுகிறது. அதற்குப் பிறகுதான் ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பான என்ஏவி அறிவிக்கப்படுகிறது. அதாவது நீங்கள் காணும் என்ஏவி, செலவு போக மீந்த எண்.

உங்கள் முதலீட்டின் இன்றைய மதிப்பு 5 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். செலவு விகிதம் 0.20 சதவீதமானால் ஒரு நாளைக்குக் கழிவது 2 ரூபாய் 74 காசு. அதுவே 0.60 சதவீதமானால் 8 ரூபாய் 22 காசு. சந்தை ஒரு சாதாரண நாளில் அரை சதவீதம் ஏறி இறங்கினாலே இந்த 5 லட்சம் 2,500 ரூபாய் அசையும். அந்த அசைவுக்குள் எட்டு ரூபாய் யார் கண்ணிலும் படாது. சந்தை வீழ்ந்த நாளிலும், விடுமுறை நாளிலும் இந்தக் கழிவு தவறாமல் நடக்கிறது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேயே ஒன்றைச் சரிபார்த்துவிடலாம். உங்களுடையது டைரக்ட் பிளானா, ரெகுலர் பிளானா என்பதே அது. 2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு திட்டத்திற்கும், முகவர் இல்லாமல் நேரே வாங்கும் டைரக்ட் பிளான் இருக்கிறது. ரெகுலர் பிளானில் முகவருக்கான கமிஷன் செலவு விகிதத்திற்குள்ளேயே அடங்கியிருப்பதால் அதன் விகிதம் கூடுதலாக இருக்கும். பங்குப் பட்டியல் இரண்டிற்கும் ஒன்றுதான். கணக்கு அறிக்கையில் திட்டத்தின் பெயரோடு "Direct" என்றோ "Regular" என்றோ அச்சாகியிருக்கும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில், உங்கள் முதலீட்டிற்காக முகவருக்குக் கொடுக்கப்பட்ட கமிஷன் ரூபாயாகவே காட்டப்படுகிறது. வங்கிக் கிளை ஒன்றில் கையெழுத்திட்டுக் கொடுத்த படிவத்தால் ஆறு ஆண்டுகள் நான் ரெகுலர் பிளானில் இருந்தேன். அந்த அறிக்கையின் அந்த ஒரு வரியைப் படித்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. எவரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. இரண்டு பிளான்கள் இருக்கின்றன என்பதையும் எவரும் சொல்லவில்லை.

இரண்டாம் படி: சிறிய சதவீதத்தை ரூபாயாக மாற்றிப் பாருங்கள்

ஒருவர் மாதந்தோறும் 10,000 ரூபாயை எஸ்ஐபி முறையில், மாதத் தொடக்கத்தில், முப்பது ஆண்டுகள் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் அவர் போடுவது 36 லட்சம். குறியீடு ஆண்டுக்குச் சராசரியாக 12 சதவீதம் வளர்வதாகக் கணக்குக்காக எடுத்துக்கொள்கிறேன். இது கணக்கு போடுவதற்கான அனுமானமே அன்றி, சந்தை இவ்வளவு தரும் என்ற உறுதி அன்று. எந்தக் குறைவும் இல்லாமல் குறியீடே அவருக்குக் கிடைத்திருந்தால், முடிவில் ஏறத்தாழ 3 கோடியே 8 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கும்.

ஃபண்டு ஒவ்வோர் ஆண்டும் குறியீட்டைவிட 0.2 சதவீதம் பின்தங்கினால், அதாவது 11.8 சதவீதம் தந்தால், தொகை 2 கோடியே 96 லட்சம் ஆகிறது. அரை சதவீதம் பின்தங்கினால் 2 கோடியே 79 லட்சம். ஒரு சதவீதம் பின்தங்கினால் 2 கோடியே 53 லட்சம். கடைசிக் கணக்கில் இழப்பு ஏறக்குறைய 55 லட்சம் ரூபாய். அவர் முப்பது ஆண்டுகளில் தம் சம்பளத்திலிருந்து எடுத்துப் போட்ட 36 லட்சத்தைவிட அது அதிகம்.

இந்த இழப்பு எப்போது உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 0.2 சதவீதம் பின்தங்கும் ஃபண்டையும் 0.5 சதவீதம் பின்தங்கும் ஃபண்டையும் அருகருகே வையுங்கள். பத்தாம் ஆண்டு முடிவில் இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 35,000 ரூபாய்தான். அப்போது சேர்ந்திருக்கும் தொகை 22 லட்சத்தை ஒட்டி இருப்பதால், இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இருபதாம் ஆண்டில் அது 3 லட்சத்து 19 ஆயிரம். முப்பதாம் ஆண்டில் 17 லட்சம். வேறுபாட்டின் பெரும்பகுதி கடைசிப் பத்தாண்டுகளில்தான் வெளிப்படுகிறது. அதை உணரும் வயதில் திருத்திக்கொள்ள ஆண்டுகள் மிச்சம் இருப்பதில்லை. ஐந்தாண்டுப் பழக்கத்தை வைத்து "எல்லா ஃபண்டும் ஒன்றுதான்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஐந்தாண்டில் பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

ஒரே தடவையில் போட்ட தொகைக்கு இன்னும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆண்டுதோறும் சொத்தில் ஒரு சதவீதம் கழிந்தால், முப்பது ஆண்டு முடிவில் உங்களிடம் மீந்திருப்பது 0.99இன் முப்பதாம் அடுக்கு, அதாவது 74 சதவீதம். மற்ற 26 சதவீதம் போய்விட்டது. அரை சதவீதக் கழிவுக்கு இழப்பு 14 சதவீதம். 0.2க்கு 6 சதவீதம். சந்தை 12 சதவீதம் தந்தாலும் 7 சதவீதம் தந்தாலும் இந்தப் பங்கு மாறாது என்பதுதான் இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. வருமானம் எவ்வளவு என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இறுதித் தொகையில் எத்தனை பங்கு செலவுக்குப் போகும் என்பதை இன்றைக்கே சொல்லிவிடலாம்.

மூன்றாம் படி: சரியான குறியீட்டை எடுங்கள்

செலவு விகிதம், ஃபண்டு தானே அறிவிக்கும் எண். உண்மையில் நீங்கள் குறியீட்டைவிட எவ்வளவு பின்தங்கினீர்கள் என்பதற்கு டிராக்கிங் டிஃபரன்ஸ், அதாவது டிராக்கிங் வேறுபாடு என்று பெயர். இதைக் கணக்கிடும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது.

செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் நாம் காணும் நிஃப்டி, பங்குகளின் விலையை மட்டுமே கணக்கில் கொள்ளும் குறியீடு. ஐம்பது நிறுவனங்களும் தரும் ஈவுத்தொகை அதில் சேராது. இன்டெக்ஸ் ஃபண்டோ அந்த ஈவுத்தொகையைப் பெற்று, மீண்டும் பங்குகளில் போட்டுவிடுகிறது. நிஃப்டி 50இல் ஈவுத்தொகை பொதுவாக ஆண்டுக்கு ஒரு சதவீதத்திற்குச் சற்று மேலாக இருந்துவருகிறது. ஆகவே விலைக் குறியீட்டோடு ஒப்பிட்டால், கூடுதல் செலவு வாங்கும் ஃபண்டுகூட குறியீட்டை வென்றதுபோலத் தோன்றும். ஈவுத்தொகையையும் மறுமுதலீடு செய்ததாகக் கணக்கிடும் மொத்த வருமானக் குறியீடு ஒன்று தனியாக இருக்கிறது. அதைச் சுருக்கமாக டிஆர்ஐ என்பார்கள். 2018 பிப்ரவரி 1 முதல், மியூச்சுவல் ஃபண்டுகள் தங்கள் செயல்பாட்டை டிஆர்ஐயோடுதான் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று செபி விதித்துள்ளது. ஆனாலும் ஒப்பீட்டைச் செய்து தரும் செயலிகளிலும், நண்பர்கள் அனுப்பும் படங்களிலும் இன்னும் விலைக் குறியீடே நுழைந்துவிடுகிறது. டிஆர்ஐயின் பழைய மதிப்புகளை niftyindices.com தளத்தில் நாள்வாரியாக எடுக்கலாம். ஃபண்டின் பழைய என்ஏவிகள் amfiindia.com தளத்தில் கிடைக்கும்.

என்ஏவியை எடுக்கும்போது குரோத் வகையையே எடுங்கள். வருமானத்தைப் பிரித்துத் தரும் வகையில், ஒவ்வொரு முறை பணம் கொடுத்ததும் என்ஏவி இறங்கிவிடுவதால் ஒப்பீடு கெட்டுப்போகும். இரு பக்கமும் ஒரே தேதியாக இருக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனாலும், சந்தை அன்று ஒரு சதவீதம் அசைந்திருந்தால், நீங்கள் தேடும் சிறு எண் அதில் மூழ்கிவிடும்.

நான்காம் படி: ஐந்தாண்டு வேறுபாட்டைக் கணக்கிடுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கை முழுவதும் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்டவை. ஐந்தாண்டுகளுக்கு முன் டிஆர்ஐ 25,000 ஆகவும், இன்று 45,000 ஆகவும் இருக்கிறது. அதே இரு தேதிகளில் ஃபண்டின் என்ஏவி 120.00 ஆகவும் 212.70 ஆகவும் இருக்கிறது. விரிதாளில் இப்படி எழுதினால் போதும்:

```
=(45000/25000)^(1/5)-1
=(212.70/120)^(1/5)-1
```

முதல் வரி 12.47 சதவீதம் என்றும், இரண்டாம் வரி 12.13 சதவீதம் என்றும் விடை தரும். வேறுபாடு 0.35 சதவீதம் என்று வட்டமாக வைத்துக்கொள்ளலாம். இந்த ஃபண்டின் அறிவிக்கப்பட்ட செலவு விகிதம், ஐந்தாண்டும் மாறாமல், வரிகள் உட்பட 0.20 என்று கொள்வோம்.

0.35இலிருந்து 0.20ஐக் கழித்து, 0.15 மீதம் என்று உடனே எழுதிவிடக் கூடாது. செலவு கழிவது தொடக்கத் தொகையிலிருந்து அன்று, வளர்ந்துகொண்டிருக்கும் தொகையிலிருந்து. 100 ரூபாய் ஓராண்டில் 112.47 ஆகும்போது, அதில் 0.2 சதவீதம் என்பது 22 காசுக்குச் சற்று மேல். ஆகவே 0.20 செலவு விகிதம், ஆண்டு வருமானத்தில் 0.22க்கும் 0.23க்கும் இடையே குறைக்கிறது. மிச்சம் 0.12 சதவீதம். இதுதான் செலவு விகிதத்தில் எழுதப்படாமல் போன பங்கு. அறிவித்த செலவில் பாதிக்கு மேல் அறிவிக்காத இழப்பும் சேர்ந்திருக்கிறது என்பது இதன் பொருள்.

ஓராண்டுக் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு குறிப்பிட்ட ஆண்டில் வேறுபாடு செலவைவிடக் குறைவாகவும் வரலாம், ஃபண்டு குறியீட்டைச் சற்று முந்தியும் இருக்கலாம். அது பெரும்பாலும் தற்செயல். மூன்றாண்டு, ஐந்தாண்டுக் கணக்கில் அந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். புதிதாகத் தொடங்கிய ஃபண்டின் முதல் சில மாதங்களையும் விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: மிச்சம் எங்கே போனது என்று தேடுங்கள்

அந்த 0.12க்கு மூன்று காரணங்கள் முதன்மையானவை.

ஒன்று, கையில் நிற்கும் ரொக்கம். யூனிட்டை விற்பவர்களுக்குக் கொடுக்கவும், புதிதாக வந்த பணத்தைப் பங்காக மாற்றும் வரையிலும் ஃபண்டு கொஞ்சம் ரொக்கம் வைத்திருக்கும். சொத்தில் அரை சதவீதம் எப்போதும் ரொக்கமாக நிற்கிறது, அது 6 சதவீதம் ஈட்டுகிறது, குறியீடு 12 சதவீதம் வளர்கிறது என்றால், இழப்பு 0.03 சதவீதம். சந்தை வீழும் ஆண்டில் இதே ரொக்கம் ஃபண்டுக்குச் சாதகமாக மாறும். பல பத்தாண்டுகளில் சந்தை ஏறுமுகமாக இருக்கும் என்று நம்பித்தானே இதில் பணம் போடுகிறோம்? அப்படி ஏறினால் மொத்தத்தில் இது இழப்புதான்.

இரண்டு, பங்குகளை வாங்கி விற்கும் செலவு. நிஃப்டி 50 ஆண்டுக்கு இருமுறை, மார்ச் இறுதியிலும் செப்டம்பர் இறுதியிலும் மாற்றியமைக்கப்படுகிறது. குறியீடு என்பது காகிதக் கணக்கு. அது ஒரு பங்கை நீக்கி மற்றொன்றைச் சேர்க்கும்போது தரகும் தருவதில்லை, வரியும் கட்டுவதில்லை. ஃபண்டோ வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பங்குப் பரிவர்த்தனை வரியும், அதற்கு மேல் தரகும், வாங்கும்போது முத்திரைக் கட்டணமும் செலுத்துகிறது. எல்லா ஃபண்டுகளும் ஒரே நாளில் ஒரே பங்கை வாங்க நிற்பதால் விலை சற்று உயர்வதும் உண்டு. நிஃப்டி 50இல் மாற்றங்கள் குறைவு. நிஃப்டி நெக்ஸ்ட் 50இலும், சிறு நிறுவனக் குறியீடுகளிலும் பங்குகள் அதிகம் உள்ளே வந்து வெளியே போவதால் இந்த இழப்பு பெரிது. அவற்றில் செலவு விகிதத்தை மட்டும் பார்த்து ஃபண்டைத் தேர்ந்தெடுப்பது இன்னும் ஆபத்து.

மூன்றாவது, நிறுவனங்களுக்குள் நடக்கும் திடீர் நிகழ்வுகள். இதற்கு 2020 மார்ச் மாதத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. அந்த மாதம் 5ஆம் தேதி யெஸ் வங்கி முடக்கக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 13ஆம் தேதி வெளியான சீரமைப்புத் திட்டம், நூறு பங்குகளுக்கு மேல் வைத்திருந்த எவரும் தம் பங்குகளில் 75 சதவீதத்தை மூன்றாண்டுகள் விற்க முடியாது என்று பூட்டியது. 19ஆம் தேதி யெஸ் வங்கி நிஃப்டி 50இலிருந்து நீக்கப்பட்டு, ஸ்ரீ சிமெண்ட் சேர்க்கப்பட்டது. குறியீடு ஒரே இரவில் அந்தப் பங்கிலிருந்து வெளியேறிவிட்டது. அதைப் பின்பற்றிய ஃபண்டுகளால் வெளியேற முடியவில்லை. குறியீட்டில் இல்லாத ஒரு பங்கை, விற்க வழியின்றி அவை சுமந்தன. அதன் விலை அசைந்தபோதெல்லாம் ஃபண்டு குறியீட்டிலிருந்து விலகியது. அப்போது யெஸ் வங்கியின் எடை குறியீட்டில் மிகச் சிறிதாகிவிட்டிருந்ததால் பாதிப்பு கட்டுக்குள் இருந்தது. இவ்வகை விலகலுக்கு ஃபண்டு மேலாளரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ரொக்கத்தைக் கட்டுப்படுத்துவதிலும், மாற்றியமைக்கும் நாளில் விலையைப் பிடிப்பதிலும் ஒரு மேலாளருக்கும் மற்றொரு மேலாளருக்கும் உண்மையான வேறுபாடு உண்டு. அதை ஐந்தாண்டு மிச்சம் காட்டிக்கொடுக்கும்.

ஆறாம் படி: டிராக்கிங் எரர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

ஃபண்டின் விவரத்தாளான ஃபேக்ட்ஷீட்டில் பெரிதாக அச்சாகும் எண் டிராக்கிங் எரர். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: டிராக்கிங் எரர் உங்கள் இழப்பின் அளவு அன்று. ஃபண்டின் நாள் வருமானத்திலிருந்து குறியீட்டின் நாள் வருமானத்தைக் கழித்தால் ஒரு சிறு வேறுபாடு வரும். அந்த வேறுபாடுகள் தங்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் திட்டவிலக்கமே டிராக்கிங் எரர். சராசரி எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி அது ஒன்றும் பேசுவதில்லை.

இரண்டு ஃபண்டுகளைக் கற்பனை செய்யுங்கள். முதல் ஃபண்டு ஒவ்வோர் ஆண்டும் மிகச் சரியாக 1 சதவீதம் பின்தங்குகிறது. நாள்தோறும் அதே அளவு, சீராக. சிதறல் இல்லாததால் அதன் டிராக்கிங் எரர் சுழி. இரண்டாம் ஃபண்டு ஓராண்டில் 0.5 பின்தங்கி, அடுத்த ஆண்டில் 0.3 முந்தி, பிறகு 0.4 பின்தங்கி, 0.2 முந்தி, கடைசியில் 0.1 பின்தங்குகிறது. இந்த ஆண்டு எண்களின் திட்டவிலக்கம் சுமார் 0.35. சராசரிப் பின்தங்கலோ ஆண்டுக்கு 0.1 சதவீதம் மட்டுமே. டிராக்கிங் எரரை மட்டும் பார்த்தால் முதல் ஃபண்டு பழுதற்றதாகத் தெரியும். முப்பது ஆண்டில் அது உங்கள் இறுதித் தொகையில் 26 சதவீதத்தை எடுத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது எடுத்திருப்பது 3 சதவீதம்.

இதனால் டிராக்கிங் எரர் பயனற்றது என்று ஆகிவிடாது. அது கட்டுப்பாட்டின் அளவுகோல். ஒரே குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகளில் ஒன்றுக்கு மட்டும் அது மற்றவற்றைப்போல் இரு மடங்கு இருந்தால், அங்கே ரொக்கம் தேங்குகிறது அல்லது பங்கு வாங்குவதில் தாமதம் நடக்கிறது என்று ஐயப்பட இடமுண்டு. இன்றைக்கு வேறுபாடு சிறிதாக இருந்தாலும், அது திறனால் வந்ததா, வாய்ப்பாக அமைந்ததா என்று பிரித்தறிய இந்த எண் உதவும். பணத்தைத் திரும்ப எடுக்கும் ஆண்டு ஒரு மோசமான விலகலில் சிக்கிவிடும் வாய்ப்பையும் அது காட்டுகிறது.

செபி 2022 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கை இந்த இரண்டு எண்களையும் தனித்தனியே வெளியிடச் சொல்லிவிட்டது. கடந்த ஓராண்டின் தரவை வைத்த டிராக்கிங் எரர் நாள்தோறும் வெளியாக வேண்டும். ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு, தொடக்கம் முதல் எனப் பிரித்த டிராக்கிங் வேறுபாடு மாதந்தோறும் வெளியாக வேண்டும். பங்கு இன்டெக்ஸ் ஃபண்டுகளுக்கு டிராக்கிங் எரர் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் அதில் உண்டு. நிஃப்டி 50 போன்ற பெரிய நிறுவனக் குறியீட்டிற்கு 2 சதவீதம் மிகத் தாராளமான வரம்பு என்பது என் கருத்து. அந்த வரம்புக்குள் இருப்பதே தகுதி என்று கொள்ள வேண்டாம்.

நீங்களே கணக்கிட விரும்பினால் நாள்வாரி என்ஏவியை B பத்தியிலும், டிஆர்ஐயை C பத்தியிலும் இரண்டாம் வரிசை முதல் இட்டு, D, E, F பத்திகளின் மூன்றாம் வரிசையில் முறையே முதல் மூன்று வரிகளை எழுதிக் கீழே இழுங்கள். கடைசி வரி விடை தரும்.

```
=B3/B2-1
=C3/C2-1
=D3-E3
=STDEV.S(F3:F252)*SQRT(250)
```

இதே F பத்தியின் சராசரியை 250ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஆண்டு வேறுபாடு கிடைக்கும். ஒரே பத்தியிலிருந்து இரண்டு எண்களும் பிறப்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு இவற்றைக் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள்.

ஏழாம் படி: மாறுவதா, இருப்பதா

செலவு விகிதம் நிலையானது அன்று. தொடக்கத்தில் மிகக் குறைவாக வைத்துப் பணம் சேர்ந்த பிறகு உயர்த்தும் ஃபண்டுகள் உண்டு. மாற்றத்திற்கு முன்பே முதலீட்டாளருக்கு மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ அறிவிக்க வேண்டும் என்பது விதி. அந்த மின்னஞ்சல்கள் விளம்பரங்களோடு சேர்ந்து படிக்கப்படாமல் கிடக்கும்.

உங்கள் ஃபண்டு 0.5 சதவீதம் பின்தங்குகிறது, அதே குறியீட்டில் 0.2 மட்டும் பின்தங்கும் ஃபண்டு இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று கொள்வோம். உடனே எல்லாவற்றையும் விற்று மாற வேண்டாம். விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. ரெகுலரிலிருந்து அதே ஃபண்டின் டைரக்டுக்கு மாறுவதும் வரிக்கணக்கில் விற்பனைதான். 2024 ஜூலை 23 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டின் ஆதாயத்தில், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 12.5 சதவீதம் வரி.

இன்றைய மதிப்பு 10 லட்சம், அதில் ஆதாயம் 4 லட்சம் என்றால், ஒரே மூச்சில் விற்பவர் 2.75 லட்சத்திற்கு 34,375 ரூபாயும், அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் வரியும் சேர்த்து 35,750 ரூபாய் கட்டுவார். மாறுவதால் மிஞ்சுவது முதலாண்டில் 0.3 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். மேலோட்டமாகப் பார்த்தால் வரியை ஈடுகட்டப் பன்னிரண்டு ஆண்டு ஆகும்போலத் தோன்றும். ஆனால் அந்த வரி என்றாவது ஒருநாள் கட்ட வேண்டியதே. இன்று கட்டினால் புதிய ஃபண்டில் உங்கள் வாங்கிய விலை உயர்ந்து, பின்னாளைய வரி குறையும். ஆகவே உண்மையான நட்டம் 35,750 அன்று, அந்தத் தொகை இடைப்பட்ட ஆண்டுகளில் ஈட்டியிருக்கக்கூடிய வளர்ச்சிதான். அப்படியிருந்தும் நான் பரிந்துரைப்பது வேறு வழி.

முதலில், அடுத்த மாத எஸ்ஐபியைக் குறைந்த வேறுபாடுள்ள ஃபண்டின் டைரக்ட் பிளானுக்குத் திருப்பிவிடுங்கள். அதற்கு எந்த வரியும் இல்லை. மீதி ஆண்டுகளின் பணம் இதன் மூலம் சரியான இடத்திற்குப் போய்விடும். பழைய யூனிட்டுகளை, ஆண்டுக்கு ஆண்டு, ஆதாயம் 1.25 லட்சத்தைத் தாண்டாத அளவுக்கு மட்டும் விற்று மாற்றுங்கள். யூனிட்டுகள் முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கணக்கிடப்படும் என்பதால், பழைய யூனிட்டுகளில் ஆதாயம் அதிகமாக இருக்கும். எத்தனை யூனிட் விற்கலாம் என்பதை விற்கும் முன் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில், 4 லட்ச ஆதாயமும் நான்கு நிதியாண்டுகளுக்குள் பெரும்பாலும் வரியின்றி நகர்ந்துவிடும். வேறு பங்குகளிலோ ஃபண்டுகளிலோ அந்த ஆண்டில் ஆதாயம் எடுத்திருந்தால் அதுவும் இதே 1.25 லட்சத்திற்குள் அடங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

வேறுபாடு 0.05 சதவீதம் போலச் சிறிதாக இருந்தால் பழையதை அசைக்க வேண்டியதில்லை. அந்த அளவில் இன்று முன்னால் இருப்பது நாளை பின்னால் போகலாம்.

எட்டாம் படி: ஆண்டுக்கு ஒரு வரி எழுதி வையுங்கள்

ஏப்ரல் முதல் வாரத்தில் நான் ஒரு நோட்டில் ஐந்து எண்களை எழுதுகிறேன். அன்றைய செலவு விகிதம், சென்ற ஆண்டின் செலவு விகிதம், ஐந்தாண்டு டிராக்கிங் வேறுபாடு, செலவைக் கழித்த மிச்சம், டிராக்கிங் எரர். இதற்கு அரைமணி நேரம் ஆகும். செலவு விகிதம் உயர்ந்திருந்தால் அது முதலில் கண்ணில் படும். செலவு மாறாமல் மிச்சம் மட்டும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வளர்ந்தால், அதே குறியீட்டின் வேறு இரண்டு ஃபண்டுகளுக்கு இதே மிச்சத்தைக் கணக்கிடுகிறேன். அவற்றிலும் வளர்ந்திருந்தால் காரணம் குறியீட்டுக்குள் நடந்த நிகழ்வு. அந்த ஆண்டு ஒன்றும் செய்வதில்லை. என் ஃபண்டில் மட்டும் வளர்ந்திருந்தால், அடுத்த மாத எஸ்ஐபியை வேறு ஃபண்டுக்குத் திருப்பிவிடுகிறேன்.